வட்டி பூச்சியமாம், அப்ப இந்த 185 டொலர் என்னது?



"24 மாதம் வட்டி இல்லை" எண்டு ஒரு கடை விளம்பரம் போட்டால், அதைப் பொய் எண்டு சொல்லித் தப்ப முடியாது. வட்டி என்ற பெயரில் அவர்கள் உங்களிடம் ஒரு சதமும் வாங்கப் போவதில்லை. அதே காசை வேறு பெயர்களில் வாங்குவார்கள். தந்திரம் முழுவதும் பெயர் மாற்றத்தில்தான் இருக்கு. இந்த மடலில் அந்தப் பெயர்களைக் கழற்றிப் போட்டு, உள்ளே இருக்கிற விலையைப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தள்ளி வைக்கிறேன். கேமிங் லாப்டொப்பை மாதத் தவணையில் வாங்குகிற பிள்ளையைப் பார்த்துப் பெரியாக்கள் "விளையாட்டுச் சாமானுக்குக் கடனோ" எண்டு கேட்பினம். எங்கட ஆட்கள் சிலரும் அதையே "நுகர்வு மோகம்" எண்டு இடதுசாரித் தமிழில் சொல்லுவினம். எனக்கு இரண்டும் ஒரே பேச்சு. பகலில் படிப்பு, இரவில் வீடியோ வெட்டு, இடையில் விளையாட்டு என்று எல்லாத்துக்கும் அந்த ஒரு மெசின்தான். இரவு வேலை முடிச்சு வாற ஒருத்தி இரண்டு மணித்தியாலம் கேம் விளையாடினால் அது குற்றமும் இல்லை. நாங்கள் கேட்க வேண்டியது, அந்தக் கடனுக்கு அவள் உண்மையில் என்ன விலை கொடுக்கிறாள், ஏன் அந்த விலையை யாரும் அவளுக்கு ஒரே எண்ணில் சொல்வதில்லை என்பதைத்தான்.

ஓக்லண்டில் வழக்கமாகக் கிடைக்கிற மாதிரியான ஒரு சலுகையை எடுப்போம். கடைப் பெயர் வேண்டாம், கணக்குத்தான் வேணும். லாப்டொப் 2,400 டொலர். 24 மாதம், வட்டி பூச்சியம், முற்பணம் இல்லை. ஆனால் இதைக் கடை நேரே தருவதில்லை. ஒரு நிதி நிறுவனத்தின் கடன் அட்டையை நீங்கள் எடுக்க வேணும். அதற்குத் தொடக்கக் கட்டணம் 55 டொலர், அட்டைக்கு வருடக் கட்டணம் 65 டொலர். இரண்டு வருடத்தில் 130, தொடக்கத்தோடு 185. இதுதான் தலைப்பில் உள்ள 185.

185 பெரிய காசில்லை எண்டு தோன்றும். வட்டியாக மாற்றிப் பாருங்கள். மாதாமாதம் கட்டக் கட்டக் கடன் குறைந்துகொண்டே போகும். ஆகவே இரண்டு வருடத்திலும் உங்கள் கையில் இருந்த கடன் 2,400 அல்ல, சராசரியாக 1,250 அளவுதான். அந்தச் சராசரிக் கடனுக்கு இரண்டு வருடத்தில் 185 கட்டினால், அது வருடத்துக்கு 7 சதவீதத்துக்குச் சற்று மேல். பூச்சியம் எண்டு எழுதியிருந்த இடத்தில் ஏழு.

இன்னும் ஒரு துண்டு இருக்கு, அது ஒப்பந்தத்தில் எங்கேயும் வராது. அதே கடையில் "முழுக் காசும் இப்பவே தந்தா என்ன விலை?" எண்டு கேட்டுப் பாருங்கள். சலுகை விற்பனை நடக்கிற கிழமையாய் இருந்தால், அல்லது விற்பனையாளருக்கு அந்த மாத இலக்கு முடியாமல் இருந்தால், 2,250க்கு இறங்கக்கூடும். தவணைக்கு அந்த விலை பெரும்பாலும் கிடைக்காது, ஏனென்றால் தவணை விற்பனைக்குக் கடையும் நிதி நிறுவனத்துக்கு ஒரு பங்கு கொடுக்க வேணும். இறங்கினது 2,250க்கு எண்டு வைப்போம். அப்ப நீங்கள் கடன் வாங்கியது 2,250 பெறுமதிக்கு, திருப்பிக் கட்டுவது 2,585. வித்தியாசம் 335 டொலர். வருட வீதம் ஏறத்தாழ 14 சதவீதம். 14 சதவீதத்துக்கு ஒரு வங்கி நேரடியாகக் கடன் தந்தால் "அநியாய வட்டி" எண்டு எழும்பிப் போயிருப்பீர்கள்.

இது எல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறவரின் கணக்கு. ஒழுங்காகக் கட்டுகிறவரிடம் இந்த வியாபாரத்துக்குப் பெரிய லாபம் இல்லை. லாபம் இனித்தான் வருது.

மாதாமாதம் வாற கணக்குத்தாளில் "குறைந்தபட்சத் தொகை" எண்டு ஒரு எண் இருக்கும். பல அட்டைகளில் அது 24 மாதத்தில் கடனை முடிக்கிற தொகை அல்ல. நிலுவையில் 3 சதவீதம் எண்டு வைப்போம். முதல் மாதம் 72 டொலர். நிலுவை குறையக் குறைய அந்த எண்ணும் குறையும், உங்களுக்கும் சுகமாக இருக்கும். ஒரு மாதமும் தவறாமல், கேட்ட தொகையைக் கேட்ட நாளில் கட்டுகிறீர்கள். கட்டணங்களைச் சேர்க்காமலே பார்த்தால்கூட, 24 மாத முடிவில் இன்னும் 1,155 டொலர் மிச்சம் நிற்கும். அடுத்த நாளிலிருந்து அதற்கு அட்டையின் வழக்கமான வட்டி. 29 சதவீதம் எண்டால் மாத வட்டி 28 டொலர். குறைந்தபட்சத் தொகை அப்ப 35 டொலர். அதில் 28 வட்டிக்குப் போக, கடன் குறைவது 7 டொலர். இந்த வேகத்தில் அந்த மிச்சம் பாதியாகவே பத்து வருடம் அளவில் ஆகும். லாப்டொப்பின் பற்றரி அதற்கு எவ்வளவோ முன்னமே செத்துவிடும். 24 மாதத்தில் முடிக்க வேண்டுமெண்டால் மாதம் 100 டொலர் கட்டியிருக்க வேணும், கட்டணங்களோடு 108. இந்த 108 என்ற எண் கணக்குத்தாளில் பெரிய எழுத்தில் வராது. 72 தான் வரும்.

இதில் மாட்டுப்படுவது யார்? நிலையான சம்பளம் உள்ளவர் தானியங்கிக் கட்டணத்தை 108க்குப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். இந்தக் கிழமை 32 மணித்தியாலம், அடுத்த கிழமை 14 எண்டு ரோஸ்டர் மாறுகிற ஆள்தான் குறைந்தபட்சத்தைக் கட்டிச் சமாளிப்பார். ஆகவே மனேஜரின் பூச்சியத்துக்கு, மனுக்காவில் பெட்டி அடுக்குகிற பிள்ளையின் 29 சதவீதம் மானியம் கொடுக்குது. சிக்கனம், ஒழுக்கம் எண்டு உபதேசம் பண்ணுகிறவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளை ஒழுக்கமாக, கேட்டதைத்தான் கட்டினாள்.

இது என் கற்பனைக் குற்றச்சாட்டு அல்ல. ஆஸ்திரேலியாவில் ஹார்வி நோர்மன் கடையும் லாட்டிட்யூட் நிதி நிறுவனமும் 2020 ஜனவரி முதல் 2021 ஓகஸ்ட் வரை "முற்பணம் இல்லை, 60 மாதம் வட்டி இல்லை" எண்டு விளம்பரம் செய்தன. அந்தச் சலுகைக்கு ஒரு கடன் அட்டை கட்டாயம் எடுக்க வேணும், அதற்கு மாதக் கட்டணம் உண்டு என்பது விளம்பரத்தில் சரியாகத் தெரியவில்லை. மாதக் கட்டணம் 8.95 டொலராக இருந்த காலத்தில் சேர்ந்தவருக்கு 60 மாதத்தில் அது மட்டும் 537 ஆஸ்திரேலிய டொலர். அங்குள்ள நிதிக் கண்காணிப்பு ஆணையம் வழக்குப் போட்டது. 2024 ஒக்டோபரில் சமஷ்டி நீதிமன்றம் அந்த விளம்பரங்கள் மக்களைத் தவறாக வழிநடத்தின எண்டு தீர்ப்புச் சொன்னது. இரண்டு நிறுவனங்களும் இங்கேயும் தொழில் செய்கின்றன.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2013 செப்டெம்பரிலேயே, பூச்சிய வட்டி எண்டு ஒன்று கிடையாது, வட்டியைக் கட்டணத்துக்குள் ஒளித்து வைக்கிறீர்கள் எண்டு வங்கிகளைத் தடுத்தது. பிறகு என்ன நடந்தது? "நோ கொஸ்ட் ஈ.எம்.ஐ." எண்டு புதுப் பெயரில் திரும்பி வந்தது. வங்கி வட்டி வாங்கும், கடை அந்த அளவுக்கு விலையைக் கழிக்கும், வட்டிக்கு மேல் ஜி.எஸ்.டி. உங்கள் தலையில். தடை போட்டால் பெயர் மாறும். ஆகவே பெயரைத் தடுப்பதை விட, விலையை ஒரே எண்ணில் சொல்ல வைப்பதுதான் வழி.

நியூசிலாந்தில் அந்த வழி ஒருகாலத்தில் இருந்தது. 1981 கடன் ஒப்பந்தச் சட்டம், வட்டியையும் கட்டணங்களையும் சேர்த்து ஒரே வருட வீதமாகச் சொல்ல வேண்டும் எண்டு கடன் கொடுப்பவரைக் கட்டாயப்படுத்தியது. அதற்குப் பதிலாக வந்த 2003 சட்டம் 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, வட்டி தனி, கட்டணம் தனி எண்டு ஆக்கியது. கட்டணம் நியாயமற்றதாக இருக்கக் கூடாது எண்டு அதில் விதி இருக்கு, அது நல்லது. ஆனால் கூட்டிப் பார்க்கிற வேலை கடன்காரன் தலையில் விழுந்தது. கடைக்காரன் "பூச்சியம்" எண்டு பெரிசாக எழுதவும், 55, 65 எண்டு சின்னனாக எழுதவும் இடம் கிடைத்தது அதனால்தான்.

எங்கட ஏலச்சீட்டை நினைச்சுப் பாருங்கள். சீட்டு ஓடலாம், தாய்ச்சி தலைமறைவாகலாம், எல்லாம் தெரியும். ஆனால் கழிவை நாலு பேர் முன்னால் வாய்விட்டுத்தான் கேட்பினம். இந்த மாதக் காசுக்கு இன்ன விலை எண்டு கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஊர்ச் சீட்டில் இருக்கிற அந்த வெளிச்சத்தைக்கூட உரிமம் பெற்ற நிதி நிறுவனங்களிடம் நாங்கள் கேட்காமல் இருக்கிறோம்.

ஒரு லாப்டொப் வேணும் எண்டு நிற்கிறவர்களுக்கு, கையெழுத்துக்கு முன் ஒரு தாளில் மூன்று எண் போதும்: முழுக் காசு விலை, எல்லாக் கட்டணத்தோடும் கட்டி முடிக்கிற மொத்தம், காலத்துக்குள் முடிக்க மாதம் கட்ட வேண்டிய உண்மைத் தொகை. மூன்றாவதை நீங்களே வகுத்து எடுத்து, தானியங்கிக் கட்டணமாகப் போடுங்கள். நீட்டிப்பு உத்தரவாதத்தையும் அந்தக் கடனுக்குள் சேர்க்கச் சொல்லிக் கேட்பார்கள். 1993 நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் உங்களுக்கு ஏற்கெனவே தருகிறதை விட அது என்ன கூடத் தருகிறது எண்டு கேளுங்கள், பெரும்பாலும் பதில் மெல்லிசாகத்தான் வரும். ஒப்பந்தம் கையில் கிடைத்து ஐந்து வேலை நாளுக்குள் கடனை ரத்துச் செய்யலாம், ஆனால் சாமானை எடுத்திருந்தால் அதன் விலையைக் காசாகக் கட்ட வேணும். ஏற்கெனவே மாட்டியிருந்தால் 0800 345 123, மணிடோக்ஸ், இலவசம். வேலை போனாலோ நோய் வந்தாலோ தவணையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கச் சட்டத்தில் உரிமை உண்டு. கட்டத் தவறுவதற்கு முன்னமே கேட்பது நல்லது.

ஆனால் தாளும் பேனையும் தனியாளின் கவசம் மட்டும்தான். ரோஸ்டர் மாறுகிற பிள்ளைக்கு அது போதாது. எங்கட கோரிக்கை இரண்டு. கட்டணங்களைச் சேர்த்த ஒரே வருட வீதம், "வட்டி இல்லை" என்ற எழுத்தின் அதே அளவில், அதே இடத்தில் வர வேணும். கணக்குத்தாளில் கேட்கிற தொகை, சலுகைக் காலத்துக்குள் கடனை முடிக்கிற தொகையாக இருக்க வேணும். இரண்டுக்கும் புதுக் கணிதம் ஒன்றும் தேவையில்லை. அவர்களிடம் அந்த எண்கள் முதல் நாளிலேயே இருக்கு.

உங்களிடம் இப்படி ஒப்பந்தம் இருந்தால், பெயரையும் கணக்கு எண்ணையும் அழித்துவிட்டு இந்த மடலுக்குப் பதிலாக அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரே எண்ணைக் கணக்குப் போட்டு அடுத்த மடலில் வரிசையாகப் போடுவோம். நாடாளுமன்ற உறுப்பினரிடம் போகும்போது கையில் அந்தப் பட்டியல் இருக்க வேணும்.