விசாரித்தது எத்தனை பேர்... சேர்ந்தது எத்தனை பேர்?

நோட்டீஸ் கொடுத்தாயிற்று, வாசலில் போர்டு மாட்டியாயிற்று, போனும் வருகிறது. ஆனால், ஜூனில் வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் மட்டும் குறைவு. வீட்டிலேயே டியூஷன் சென்டர் நடத்தும் பலரின் கவலை இது. இன்னொரு கட்டு நோட்டீஸ் அடிக்கும் முன், ஒரு நோட்டு வாங்கி வைப்பது நல்லது.

அதில், போன் செய்த தேதியும் நேரமும், பிள்ளையின் வகுப்பு, எப்படித் தெரியவந்தது, மாதிரி வகுப்புக்கு வந்தாரா, ஃபீஸ் கட்டினாரா என்று கட்டம் போட வேண்டும். 'எப்படித் தெரியும்?' என்பதை முதல் போனிலேயே கேட்டுவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், 'யாரோ சொன்னாங்க' என்றுதான் பதில் வரும்.

ஆரம்பாக்கத்தில் ஒரு சென்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1,500 ரூபாய்க்கு நோட்டீஸ் அடித்து, பேப்பருடன் வீடுவீடாகப் போட்டதில் 20 பேர் விசாரித்தார்கள். ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சொல்லி 8 பேர் விசாரித்தார்கள். நோட்டீஸ்தான் ஜெயித்தது போலத் தோன்றும். ஆனால், நோட்டீஸ் மூலம் சேர்ந்தவர்கள் 3 பேர்; தலைக்கு 500 ரூபாய் செலவு. பெற்றோர் சொல்லிச் சேர்ந்தவர்கள் 6 பேர். ஆளை அனுப்பிய பெற்றோருக்கு ஃபீஸில் 300 ரூபாய் குறைத்தாலும், தலைக்கு 300 ரூபாய்தான் ஆகிறது.

அதற்காக நோட்டீஸை உடனே நிறுத்திவிடக் கூடாது. 20 பேர் எந்தக் கட்டத்தில் நழுவினார்கள் என்று பார்க்க வேண்டும். மாதிரி வகுப்புக்கு வந்தவர்களே 7 பேர்தான். போனுக்கும் வகுப்புக்கும் நடுவில் 13 பேர் போய்விட்டார்கள். நேரக் கட்டத்தைப் பார்த்தால் காரணம் தெரியலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் அப்பா, வேலைக்குக் கிளம்பும் முன் போன் செய்திருப்பார். சென்டரிலிருந்து மதியம் திருப்பிக் கூப்பிட்டபோது, அவரால் எடுக்க முடிந்திருக்காது. முதல் போனிலேயே 'எப்போது பேசலாம்?' என்று கேட்டு, அந்த நேரத்தில் கூப்பிட்டு, 'சனிக்கிழமை 5 மணிக்குப் பிள்ளையை அழைத்து வாருங்கள்' என்று நாள் குறித்துக் கொடுத்தால் இந்த ஓட்டை அடைபடும். இதற்குக் கூடுதல் செலவு இல்லை.

மாதிரி வகுப்புக்கு வந்த பிறகு நழுவுகிறார்கள் என்றால், கோளாறு விளம்பரத்தில் இல்லை. ஃபீஸ், வகுப்பு நேரம், மீடியம், பாடம் நடத்தும் விதம் ஆகியவற்றில் எது என்று கேட்டு, அதையும் நோட்டில் எழுத வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். அண்ணன் தங்கை இருவர் ஒரே வீட்டிலிருந்து வந்தால், அதை ஒரு விசாரணையாகத்தான் எண்ண வேண்டும். 3 பேர், 6 பேர் என்ற சின்னக் கணக்கில் ஒரு குடும்பமே முடிவைப் புரட்டிவிடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை கணக்கு எழுதிய பிறகே, அடுத்த வருடம் எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்று தீர்மானிக்கலாம்.