வாய்மொழித் தேர்வும் நாற்பது படவில்லைகளும்

முதுகலைத் தமிழின் இறுதிப் பருவத்தில் எழுத்துத் தேர்வுகளுக்கு நடுவே ஆய்வேட்டிற்கான வாய்மொழித் தேர்வும் வந்து நிற்கிறது. மாணவர்கள் இரண்டிற்கும் ஒரே வழியில்தான் ஆயத்தமாகிறார்கள்: மனப்பாடம். ஆய்வேட்டை நாற்பது படவில்லைகளில் ஒட்டிவந்து, திரையைப் பார்த்துப் படிக்கிறார்கள். தேர்வாளருக்கும் படிக்கத் தெரியும் என்பது ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

அண்மையில் ஒரு மாணவி குறுந்தொகையை எடுத்துக்கொண்டிருந்தார். ‘பாடல்கள் யாவும் 4 முதல் 8 அடிகள்’ என்றது முதல் வில்லை. எழுத்துத் தேர்வில் இந்த வரிக்கு மதிப்பெண் கிடைத்துவிடும். புறத்தேர்வாளரோ, “307, 391 ஆம் பாடல்கள் எத்தனை அடி அம்மா?” என்றார். இரண்டும் 9 அடிகள். பொது வரையறை அது, இவ்விரண்டும் விலக்கு என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்திருக்கும். மாணவி மீண்டும் திரையையே பார்த்தார்.

வில்லை சான்றுக்குரிய இடம். வாதம் வாய்க்குரியது என்பதே என் கருத்து. பாடலை முழுமையாக இட்டு, வாதத்திற்கு வேண்டிய சொற்களை மட்டும் வண்ணத்தில் காட்டலாம். பத்து நிமிடப் பேச்சுக்கு எட்டு வில்லைகளே தாராளம். ஆய்வேட்டில் ‘யாவும்’, ‘எங்கும்’, ‘ஒருபோதும்’ வருமிடங்களை அடிக்கோடிட்டு, அவற்றிற்கான விலக்குகளை மூலநூலில் தேடுவது இரண்டு தேர்வுகளுக்கு இடைப்பட்ட ஒரு விடுமுறை நாளில் முடிகிற வேலை. கிடைத்த பாடல் எண்களைக் கடைசி வில்லையில் வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் காட்டலாம்.

துறைக் கணினியில் எழுத்துரு இல்லாமல் சங்கப்பாடல் கட்டங்கட்டமாகத் தெரியும் கூத்தும் அவ்வப்போது நடக்கிறது. பிடிஎஃப் படி ஒன்றையும் எடுத்துவாருங்கள்.