மானேஜருக்கு ஒரு கடிதம்

பிரசவ லீவு முடியப் போகிறது. "கொஞ்ச நாள் வேலை நேரத்தைக் குறையுங்கள்" என்று மட்டும் எழுதினால் போதாது! எத்தனை வாரம், எத்தனை மணி, எவ்வளவு சம்பளம்? மூன்றையும் எழுத வேண்டும்.

"ஐயா, முதல் 4 வாரம் தினம் 4 மணி நேரமும், அடுத்த 4 வாரம் 6 மணி நேரமும் வேலை செய்ய அனுமதி வேண்டுகிறேன். அந்த நேரத்துக்கு உரிய சம்பளம் போதும். 9-வது வாரம் முதல் வழக்கம்போல் 8 மணி நேரம் வேலை செய்வேன்" என்று எழுதலாம்.

இது வேண்டுகோள்தான், மானேஜர் மறுக்கலாம். ஆனால், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, பால் கொடுக்கத் தினம் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பது இந்தியச் சட்டம். அது உரிமை! இரண்டையும் கலந்து எழுதினால், உரிமையும் வேண்டுகோள் போலத் தோன்றிவிடும். ஆகவே, அதைத் தனி வரியாக எழுத வேண்டும். பதிலையும் எழுத்திலேயே வாங்க வேண்டும்.