குடியேறாத வீட்டுக்குத் தரகா?

வாடகைக்கு வீடு தேடும் ஏழை எளிய ஜனங்களிடம் ஒரு மாத வாடகையைத் தரகாக வாங்குவது சென்னை நகரில் வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கம் சரியா தப்பா என்ற கேள்வி தனியே இருக்கிறது. இன்று நாம் எடுத்துக்கொள்வது அதைவிடச் சின்ன விஷயம். வீடு கிடைக்காமலே போய்விட்டால், அதுவும் குடிவர இருந்தவர் பேரில் துளிக் குற்றமும் இல்லாமல் போய்விட்டால், அந்தத் தரகுப் பணம் யாருக்குச் சொந்தம்?

தரகருக்கே சொந்தம் என்கிறார்கள் தரகர்கள். இல்லவே இல்லை என்கிறோம் நாம்.

நம் கவனத்துக்கு வந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறார் ஒருவர். மாதம் 19,000 ரூபாய் சம்பளம். மனைவி தையல் வேலை செய்கிறார். இருந்த வீட்டைக் காலிசெய்ய வேண்டிய நெருக்கடி. ஒரு தரகர் 8,500 ரூபாய் வாடகையில் ஒரு வீட்டைக் காட்டினார். முன்பணம் 50,000 என்று பேச்சு. வீடு பிடித்துவிட்டது. வீட்டுக்காரரிடம் டோக்கன் பணம் 5,000 கொடுத்தார். அன்று மாலையே தரகர் தம் பங்கைக் கேட்டார். "நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தா வேற ஆளுக்குப் போயிடும்" என்று ஒரு மிரட்டல் வேறு. மனைவியின் சீட்டுப் பணத்திலிருந்து 8,500 ரூபாய் கைபேசி மூலம் போய்ச் சேர்ந்தது. பழைய வீட்டுக்காரரிடம் காலிசெய்வதாகச் சொல்லியும் ஆகிவிட்டது.

பத்தாம் நாள் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "வீடு சொந்த உபயோகத்துக்கு வேணும், மன்னிச்சுக்குங்க" என்றார். டோக்கன் பணத்தைத் திருப்பியும் கொடுத்துவிட்டார். அந்த மட்டில் அவர் யோக்கியர் என்றே வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். ஆனால் மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அதே வீட்டில் வேறொரு குடும்பம் 9,500 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கிறது! யார் பேசி முடித்தது என்று அந்தக் குடும்பத்திடமே விசாரித்தோம். அதே தரகர்தான். அவர்களிடமும் ஒரு மாத வாடகை வாங்கியிருக்கிறார். ஆக, ஒரே வீடு, ஒரே சாவி, தரகு மட்டும் இரண்டு: மொத்தம் 18,000 ரூபாய்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது தரகர் சொன்ன பதில்களை வாசகர்கள் கேட்க வேண்டும். ஏனென்றால் நாளை உங்களிடமும் இதையேதான் சொல்வார்கள்.

"வீடு காட்டுவது என் வேலை, காட்டிவிட்டேன், வேலை முடிந்தது" என்பது முதல் பதில். அப்படியா? வேலை வீடு காட்டுவதுதான் என்றால், காட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் அல்லவா காசு கேட்டிருக்க வேண்டும்? இந்தத் தொழிலாளிக்கு அவர் ஐந்து வீடுகள் காட்டினார். பிடிக்காத நான்கு வீடுகளுக்கும் சல்லிக்காசு கேட்கவில்லை. ஐந்தாவது வீடு படிந்தது என்றதும்தான் 8,500 கேட்டார். ஆகவே கூலி காட்டியதற்கு அல்ல, முடித்துக் கொடுப்பதற்கே என்பதை அவர் நடத்தையே ஒப்புக்கொள்கிறது. தரகு ஒரு மாத வாடகை என்று வாடகையோடு சேர்த்து அளக்கப்படுவதும் அதனால்தான். நடந்த நடைக்குக் கூலி என்றால் 8,500 ரூபாய் வீட்டுக்கும் 30,000 ரூபாய் வீட்டுக்கும் நடை ஒன்றுதானே?

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. தொழிலாளிக்காகப் போட்டதும் அல்ல, வியாபாரிகளுக்காகப் போட்டது. அதன் 219-வது பிரிவு, தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, ஒப்புக்கொண்ட காரியம் முடியும்வரை முகவருக்குக் கூலி சேராது என்கிறது. அடுத்த 220-வது பிரிவு இன்னும் கண்டிப்பானது. ஒப்படைத்த காரியத்தில் முறைகேடாக நடந்துகொண்ட முகவருக்கு, அந்த அளவுக்குக் கூலியே கிடையாது. ஒருவரிடம் பணம் வாங்கிக்கொண்டு அவருக்குப் பேசிய வீட்டையே ஆயிரம் ரூபாய் கூடுதலுக்கு இன்னொருவருக்கு முடித்துக் கொடுப்பது முறைகேடு இல்லை என்றால் வேறு எதுதான் முறைகேடு?

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஒரு வழக்கு பிரபுக்கள் சபைவரை போயிற்று. லக்ஸர் கம்பெனிக்கும் கூப்பர் என்ற தரகருக்கும் நடந்த வழக்கு அது. சினிமாக் கொட்டகைகளின் விற்பனை முடிந்தால் 10,000 பவுன் கமிஷன் என்று பேச்சு. வாங்க ஆள் தயார். ஆனால் சொந்தக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். நான் ஆளைக் கொண்டுவந்துவிட்டேன், என் பணத்தைக் கொடு என்றார் தரகர். விற்பனை முடியவில்லை, ஆகவே கமிஷனும் இல்லை, அந்த நஷ்டம் தரகுத் தொழிலோடு கூடவே வருவது என்று பிரபுக்கள் தீர்ப்புச் சொன்னார்கள். சொத்துக்காரன் பின்வாங்கியபோது அவன் தரவேண்டியதில்லை என்று சொல்ல இந்த நியாயம் உதவியது. சொத்துக்காரன் பின்வாங்கி, குடிவர இருந்தவன் திருப்பிக் கேட்கும்போது மட்டும் இதே நியாயம் எப்படித் தலைகீழாகும்?

"தரகு திருப்பித் தரும் வழக்கம் கிடையாது" என்பது இரண்டாவது பதில். யார் உண்டாக்கிய வழக்கம்? வாங்குகிறவர்கள் உண்டாக்கியது. கொடுக்கிறவர்களை யாரும் கேட்கவில்லை. திருப்பித் தரமாட்டேன் என்று பணம் வாங்குமுன் சொல்லி, அதற்கு இவர் சம்மதித்திருந்தால் அது தனி ஒப்பந்தம் ஆகும். வாதாட இடம் உண்டு. வாங்கும்போது வாய்மூடி இருந்துவிட்டு, கேட்கும்போது வழக்கம் பேசுவது பித்தலாட்டம்.

"பணம் எதற்கு, வேறு வீடு காட்டுகிறேன்" என்பது மூன்றாவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். காட்டிய வீடுகள் எவை? ஒன்று 12,000 வாடகை. மற்றொன்று பட்டறையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். வீடு பிடிக்கவில்லை என்றால், "நான் காட்டினேன், அவர்தான் வேண்டாம் என்றார்" என்று குற்றம் நம் பேரில் திரும்பிவிடும். அதே வாடகையில், அதே வட்டாரத்தில், இத்தனை நாளுக்குள் என்று எழுத்தில் தந்தால் யோசிக்கலாம். அப்படியும் ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது பணம் கொடுத்தவர் இஷ்டம்.

தரகர்களிலும் ஏழைகள் இருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். வேலை போய், ஒரு பழைய ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு தெருத்தெருவாய் "டு லெட்" பலகை தேடி அலைகிறவர்கள் உண்டு. அவர்கள் பெட்ரோல் காசை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் பேச்சை முறித்தது யார்? வீட்டுக்காரர். அவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் லாபம். தரகருக்கு இரண்டு தரகு. குற்றமே செய்யாத ஒரே ஆள் தொழிலாளி. நஷ்டப்படுகிற ஒரே ஆளும் அவரே! அலைந்த செலவு வேண்டுமென்றால் பேச்சை முறித்த வீட்டுக்காரரிடம் போய்க் கேட்கட்டும். அங்கே மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். நாளைக்கும் அந்த வீட்டுச் சாவி வேண்டுமே!

நாம் கேட்பதில் எல்லை இல்லாமல் இல்லை. குடிவர இருந்தவரே மனம் மாறி வேண்டாம் என்றால் தரகைத் திரும்பக் கேட்பது கஷ்டம். ஒப்பந்தம் எழுதிக் குடிபுகுந்து சில மாதம் இருந்துவிட்டு வீட்டுக்காரரோடு தகராறு என்றாலும் தரகர் வேலை முடிந்ததுதான். சாவி கைக்கு வருமுன், வீட்டுக்காரர் பின்வாங்கினாலோ, வீட்டில் பங்காளித் தகராறு என்று தெரியவந்தாலோ, சொன்ன வாடகையை ஏற்றினாலோதான் நம் வாதம் நிற்கும்.

நிற்க வைப்பது சாட்சியம். வீட்டுக்காரர் பின்வாங்குவதாகப் போனில்தான் சொல்வார், எழுதித் தரமாட்டார். அன்றைக்கே அவருக்கு ஒரு வாட்ஸப் செய்தி அனுப்ப வேண்டும்: "இன்று காலை வீடு தரமுடியாது என்று சொன்னீர்கள், டோக்கன் 5,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தீர்கள்" என்று. அவர் மறுக்காமல் "ஆமாம்" என்றோ "சாரி" என்றோ போட்டால் போதும். முறித்தது யார் என்பது நிலைத்துவிடும். தரகருக்குப் பணம் போன கைபேசிப் பதிவு இரண்டாவது சாட்சியம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், கொடுத்த தேதியைக் குறிப்பிட்டு அவரோடு நடத்திய செய்திப் பரிமாற்றமாவது வேண்டும்.

பிறகு ஒரு கடிதம். எந்த வீடு, எந்தத் தேதி, எவ்வளவு பணம், யார் ஏன் முறித்தது, பதினைந்து நாளில் திருப்பித் தரவேண்டும். இவ்வளவே. திட்டு வேண்டாம். கடிதம் போய்ச் சேர்ந்ததற்குத் தபால் அத்தாட்சி வேண்டும். போலீசுக்குப் போனால் பெரும்பாலும் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள். வாடகை அதிகாரியிடம் போனாலும் பயன் இல்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தில் அவர் பார்ப்பது வீட்டுக்காரர், குடியிருப்பவர் விவகாரத்தை. போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கூலி வாங்கிச் செய்யும் சேவையில் குறைபாடு என்று 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மனுப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். ஆனால் வாய்தாவுக்கு லீவு போட்டால் அன்றைய கூலி போகும் என்பதையும் மறைக்கவில்லை. தரகர்கள் நம்பியிருப்பதே அதைத்தான்.

சர்க்காரையும் ஒரு கேள்வி கேட்கிறோம். 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் வீடு, மனை விற்கும் தரகர்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பவர்கள் அதன் வலைக்கு வெளியே நிற்கிறார்கள். வாங்குகிறவனுக்கு ஒரு காவல் இருக்க, குடியிருக்கிறவனுக்கு மட்டும் ஏன் இல்லை? ஜெர்மனியில் வாடகை ஒப்பந்தம் ஏற்பட்டால் ஒழிய தரகர் காசு கேட்கமுடியாது, முன்கூட்டி வாங்கவும் தடை. 2015 முதல் தரகரை அமர்த்தியவரே தரகு கொடுக்கவேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். அதுவும் முதலாளித்துவ நாடுதான். அங்கே வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

அதுவரை வீடு தேடுகிறவர்கள் ஒன்று செய்யலாம். சாவியும் கையெழுத்தான ஒப்பந்தமும் கைக்கு வந்த பிறகே தரகு என்று முதல் நாளே சொல்லிவிடவேண்டும். "வேற ஆளுக்குப் போயிடும்" என்று மிரட்டினால், சிறு தொகை கொடுத்து, "வீடு அமையாவிட்டால் திருப்பித் தருவேன்" என்று அவர் கைபேசியிலிருந்தே ஒரு வரி வாங்கிக்கொள்ளலாம். ஒரு வரி எழுத மறுக்கிற தரகர் எப்படிப்பட்டவர் என்பது அப்போதே தெரிந்துபோகும்.

ஆவடித் தொழிலாளியின் கடிதம் தரகருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பின் ஒரு நாள் 3,000 ரூபாய் தருவதாக ஆள் அனுப்பினார். மீதி 5,500 எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கெடு வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நுகர்வோர் ஆணையத்துக்கான மனு எழுதித் தயாராக இருக்கிறது. அதில் கேட்டிருக்கும் தொகை 8,500 ரூபாயும் வட்டியும்.