‘போன்ற’ என்ற ஒரு சொல்லும் நலன் முரண்பாட்டு விதியும்

நமது பிரதேச சபைகள், கூட்டுறவுச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் ஒழுக்கக்கோவைகளில் நலன் முரண்பாடு குறித்து ஒரு வாசகம் அநேகமாக இடம்பெற்றிருக்கும். “ஊழியர் எவரும் தமது தனிப்பட்ட நலன் தமது கடமையுடன் முரண்படும் சூழ்நிலையைக் கூடியவரை தவிர்த்துக்கொள்ள வேண்டும்” என்பதே அதன் பொதுவான வடிவம். இதனை வாசித்துக் கையொப்பமிடும் எழுதுவினைஞர் ஒருவருக்கு, நாளை காலை அலுவலகத்தில் தாம் எதனைச் செய்யக்கூடாது என்பது தெரியவருமா என்று கேட்டால், தெரியவராது என்பதே நேர்மையான விடையாகும்.

காரைநகர் போன்ற ஒரு தீவகக் கிராமத்தில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. ஊருக்குள்ளேயே சம்பந்தம் செய்துவந்த குடும்பங்கள் வாழும் இடத்தில், விலைமனு கொடுப்பவரும் அதைத் திறப்பவரும் ஏதோ ஒரு வகையில் உறவினராகவே இருப்பர். “உறவினருடன் தொடர்புடைய விடயங்களைத் தவிர்க்கவும்” என்று எழுதினால் அலுவலகமே இயங்க முடியாது. எழுதாமல் விட்டால் எல்லாமே அனுமதிக்கப்பட்டதாகிவிடும். அரச உத்தியோகத்தர்களைப் பொறுத்தவரை 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் நலன் முரண்பாட்டினைக் குற்றமாக்கியிருக்கின்ற நிலையில், தெளிவற்ற வாசகத்தை நம்பி ஓர் ஊழியர் கையொப்பமிடுவது அவருக்கே ஆபத்தானது.

இத்தகைய விதியொன்றின் சொற்கள் எத்தனை பெரிய விளைவுகளை ஏற்படுத்தும் என்பதற்குத் தமிழகத்தோடு தொடர்புடைய வழக்கொன்று தக்க சான்றாகும். இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் விதிகளில் 6.2.4 என்ற இலக்கத்தில் ஒரு விதி இருந்தது. சபை நடத்தும் போட்டிகளில் நிர்வாகி எவரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வர்த்தக நலன் கொண்டிருக்கக்கூடாது என்பதே அதன் சாரம். 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐ.பி.எல். அணிகள் ஏலம் விடப்பட்டபோது சென்னை அணியை இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனத்தின் முகாமைத்துவப் பணிப்பாளரான என்.சீனிவாசன் அவ்வேளையில் கிரிக்கெட் சபையின் பொருளாளராக இருந்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் அவ்விதி திருத்தப்பட்டது. “ஐ.பி.எல். அல்லது சாம்பியன்ஸ் லீக் இருபது20 போன்ற நிகழ்வுகள் நீங்கலாக” என்ற தொடர் அதனுள் சேர்க்கப்பட்டது.

விதியின் தடை அப்படியே இருந்தது; ஆனால் அது தடுக்க வேண்டியிருந்த முக்கிய விடயம் வெளியே போய்விட்டது. சபைக்கு அதிக வருமானம் தரத்தொடங்கியிருந்த போட்டியே விதிவிலக்காகிவிட்டால் எஞ்சிய தடையினால் என்ன பயன்? இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ‘போன்ற’ என்ற சொல், பெயர் குறிப்பிடப்பட்ட இரண்டு போட்டிகளோடு விதிவிலக்கை நிறுத்திவிடவில்லை. எதிர்காலத்தில் தோன்றக்கூடிய எந்த வர்த்தகப் போட்டியையும் அதற்குள் கொண்டுவர அது இடம் வைத்தது.

இத்திருத்தத்தைச் சபையின் முன்னாள் தலைவர் ஏ.சி.முத்தையா நீதிமன்றத்தில் எதிர்த்தார். 2011ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரு நீதியரசர்கள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். சீனிவாசன் சபையின் தலைவராகவும் ஆனார். 2013ஆம் ஆண்டின் சூதாட்ட விவகாரத்தில் அவரது மருமகன் கைதுசெய்யப்பட்டதன் பின்னரே விடயம் மீண்டும் சூடுபிடித்தது. 2015 ஜனவரி 22 அன்று நீதியரசர்கள் தாக்கூர், கலிபுல்லா ஆகியோரைக் கொண்ட அமர்வு அந்தத் திருத்தத்தைச் செல்லாததாக்கியது. சீனிவாசன் குற்றத்தை மூடிமறைத்தார் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றும் அதே தீர்ப்புக் கூறியது. நலன் முரண்பாடு என்பது தவறு நடந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு அன்று. தீர்மானிப்பவரின் இருக்கையே அவரைச் சந்தேகத்திற்குள்ளாக்குகிறது என்பதாகும். இந்த வேறுபாட்டை விதியை எழுதுபவர் முதலில் மனதிற் கொள்ள வேண்டும்.

பின்னர் முன்னாள் பிரதம நீதியரசர் லோதா தலைமையிலான குழு 2016 ஜனவரியில் தன் அறிக்கையை வழங்கியது. அதன் அடிப்படையில் 2018இல் ஏற்கப்பட்ட புதிய யாப்பின் 38ஆவது விதி, எழுதும் முறையில் ஒரு பெரிய மாற்றத்தைக் காட்டுகிறது. அது வரைவிலக்கணத்தோடு நின்றுவிடாமல் உதாரணங்களையும் தந்தது. சபை ஊழியர் ஒருவரின் மனைவி நடத்தும் உணவு வழங்கும் நிறுவனத்தைச் சபை அமர்த்துமானால் அவ்வூழியர் முரண்பாட்டுக்குள் வருகிறார் என்பது அவற்றுள் ஒன்று. ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்யப்படும் கம்பனியில் நிர்வாகியின் மகன் வேலை செய்வது மற்றொன்று. உதாரணத்தை வாசிப்பவர் தம்மை அதில் பொருத்திப் பார்க்க முடிகிறது.

அவ்விதி முரண்பாடுகளை இரண்டாகவும் பிரித்தது. வெளிப்படுத்திவிட்டு ஒதுங்கியிருந்தாற் தீரக்கூடியவை ஒருவகை. பதவியையோ தொழிலையோ விட்டாலன்றித் தீராதவை மறுவகை. மாநிலச் சங்க நிர்வாகியின் மனைவி ஓர் அணியில் 51 வீதப் பங்கு வைத்திருந்தால் அது தீராத முரண்பாடு. 3 வீதமாயின், ஒழுக்க அதிகாரி விடயத்தை ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். பதவியேற்று 15 நாட்களுக்குள் எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்றும், அவ்வாறு வெளிப்படுத்துவது தவறிழைத்ததாகக் கருதப்படமாட்டாது என்றும் அது கூறியது. இந்தக் கடைசி வாசகம் மிகப் பயனுடையது. வெளிப்படுத்துவதே குற்ற ஒப்புதலாகக் கருதப்படுமானால் எவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அந்த விதியும் குறையற்றதன்று. 2019இல் ராகுல் டிராவிட் தேசிய கிரிக்கெட் அக்கடமியின் பொறுப்பை ஏற்றபோது, இந்தியா சிமென்ட்ஸில் அவர் சம்பளமற்ற விடுமுறையில் இருந்தார். விடுமுறையில் இருப்பவர் அந்நிறுவனத்தின் ஊழியரா, அல்லரா என்ற கேள்வி முறைப்பாடாகி, விசாரணையாகி, அவ்வாண்டு நவம்பரிலேயே ஒழுக்க அதிகாரி ஜெயின் முரண்பாடு இல்லை என முடிவு செய்தார். இத்தகைய ஐயம் எழக்கூடிய இடங்களை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து ஒரு வரி எழுதிவைப்பது பின்னர் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

இவற்றை நமது சூழலுக்குப் பொருத்திப் பார்ப்போம். காரைநகரின் குடிநீர்த் தட்டுப்பாடு யாவரும் அறிந்தது. கோடையில் பவுசர் மூலம் நீர் விநியோகிக்க வேண்டியுள்ளது. அங்குள்ள ஒரு பொது நிறுவனம் பவுசர் ஒன்றை வாடகைக்கு அமர்த்துவதாக ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மூவர் விலை கோருகின்றனர். அவர்களில் ஒருவர் கொள்வனவுப் பிரிவு எழுதுவினைஞரின் தங்கையின் கணவர். மற்றொருவர் அதே எழுதுவினைஞரின் தாய்வழித் தூரத்து உறவினர். மூன்றாமவரிடம் அவர் தமது வீட்டு வேலைக்காகக் கடன் வாங்கியிருக்கிறார். “தனிப்பட்ட நலனைத் தவிர்க்கவும்” என்ற வாசகம் இங்கு ஒன்றில் மூவரையும் விலக்கும், அல்லது எவரையும் விலக்காது.

நல்ல விதி முதலில் எல்லையை வரையும். வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், வாழ்க்கைத்துணையின் பெற்றோரும் உடன்பிறந்தோரும், இவர்கள் எல்லோருடைய வாழ்க்கைத்துணைவர், சம்பந்தி என உறவைப் பெயர் சொல்லி நிறுத்திக்கொள்ளும். அதற்கு அப்பாற்பட்ட உறவு விதிக்குள் வராது. ஆனால் கூட்டுத் தொழில், கடன் கொடுத்தல், கடன் பெறுதல், சீட்டுப் பிடித்தல் என்பன உறவு இல்லாவிடினும் உள்ளே வரும். எனவே தங்கையின் கணவரும் கடன் கொடுத்தவரும் விதிக்குள் வருகின்றனர்; தூரத்து உறவினர் வரமாட்டார்.

அடுத்து, உறவைத் தடை செய்யாமல் செயலைத் தடை செய்ய வேண்டும். தங்கையின் கணவர் விலை கோரலாம், வெல்லவும் செய்யலாம். எழுதுவினைஞர் செய்யக்கூடாதவை எவை என்பதே கேள்வி. தேவை விபரத்தைத் தயாரித்தல், ஏனையோரின் விலைகளை அறிதல், விலைமனு திறத்தல், மதிப்பிடுதல் ஆகியன பலருக்கும் நினைவு வருபவை. பெரும்பாலும் மறக்கப்படுவது அதற்குப் பிந்திய கட்டமாகும். இன்று பவுசர் எத்தனை தடவை ஓடியது, எத்தனை லீற்றர் இறக்கியது என்று பதிவேட்டில் ஒப்பமிடுவதும், பணம் வழங்கப் பரிந்துரைப்பதும் யார்? நான்கு தடவை ஓடியதை ஐந்து என எழுதுவதற்கு விலைமனுவில் எந்தத் தில்லுமுல்லும் தேவையில்லை. ஆகவே தடைப்பட்டியல் தேர்வோடு முடியாமல், பெறுகையை உறுதிப்படுத்தல், கொடுப்பனவு, ஒப்பந்த நீடிப்பு ஆகியவற்றையும் சொல்ல வேண்டும்.

ஒரு மாதிரி வாசகம் இவ்வாறு அமையலாம்: “மேற்குறித்த நபரொருவர் விலை கோருகிறார் என அறிந்த ஊழியர், அடுத்த வேலைநாள் முடிவதற்குள் அதனைப் பொது முகாமையாளருக்கு எழுத்தில் அறிவித்து, அந்த ஒப்பந்தம் தொடர்பான கோப்பு, பதிவேடு, கூட்டம், கொடுப்பனவு எதிலும் கைவைக்கக்கூடாது. அப்பணியை வேறொருவரிடம் ஒப்படைத்தமை கோப்பிலேயே எழுதப்பட வேண்டும். அறிவித்தமைக்காக ஊழியர் தண்டிக்கப்படமாட்டார். அறிவியாமை ஒழுக்காற்று நடவடிக்கைக்குரியது.” பொது முகாமையாளரே சம்பந்தப்பட்டிருந்தால் யாருக்கு அறிவிப்பது என்பதும் அடுத்த வரியில் இருக்க வேண்டும்.

நான்கைந்து பேர் மட்டுமே உள்ள அலுவலகத்தில் ஒதுங்குபவருக்குப் பதிலாக வேறொருவர் இல்லாமற்போகலாம். புயல் வேளையில் விலைமனு கோர நேரமும் இராது. இங்கே விதிவிலக்குத் தேவைதான். ஆனால் அது 2008இல் நடந்தது போல ஒரு வகை நிகழ்வு முழுவதையும் விடுவிப்பதாக இருக்கக்கூடாது. அயற்பிரதேச அலுவலர் ஒருவரின் மேலொப்பத்துடன், காரணம் எழுதப்பட்டு, 14 நாட்கள் போன்ற ஒரு காலவரையறைக்குள், குறித்த அந்த ஒரு கொள்வனவுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும். விதிவிலக்கினால் நன்மை அடைபவர் அதற்கு ஒப்பமிடக் கூடாது என்பதும் எழுதப்பட வேண்டும்.

விதி தெளிவாக இருக்கிறதா என்பதைக் கண்டறிய எளிய வழியொன்று உண்டு. அதை எழுதியவர்களைத் தவிர்த்து, அலுவலக உதவியாளர், சாரதி, எழுதுவினைஞர் என மூவரிடம் கொடுத்து, மேற்கூறிய மூன்று பவுசர் உரிமையாளர்களையும் பற்றிக் கேட்க வேண்டும். ஆம், இல்லை என்ற விடைகள் மூவரிடமும் ஒன்றாக வந்தால் விதி முடிந்தது. விடைகள் வேறுபட்டால், ‘கூடியவரை’, ‘தகாத’, ‘கணிசமான’, ‘போன்ற’ என்ற சொற்களில் ஏதோவொன்று அதற்குள் இருக்கும். அச்சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெயரையோ தொகையையோ நாளையோ வைக்க வேண்டும். அவ்வாறு வைக்க நிருவாகம் தயங்குமானால், தடைக்கு வெளியே நிற்க விரும்புபவர் யார் என்பதை ஊழியர்கள் விளங்கிக்கொள்வார்கள்.