படம் ஒன்று, சாமான் வேறு

போன கிழமை எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு சின்ன வாக்குவாதம். இரண்டு டீச்சர்மார் ஒன்லைனில் பவர் பேங்க் வாங்கியிருந்தார்கள். ஒருவர் கொடுத்தது 2,950 ரூபா, மற்றவர் 6,800 ரூபா. இரண்டு விளம்பரத்திலும் ஒரே படம், ஒரே கறுப்பு நிறம், ஒரே 20000 எம்ஏஎச். லோகோ மட்டும் வேறு. "என்னை ஏமாத்திட்டான் சேர்" என்று சொன்னது 6,800 கொடுத்தவர்.

ஏமாந்தது அவர் இல்லை.

முதலில் படம் ஏன் ஒன்றாக இருக்கிறது என்பதைப் பார்ப்போம். பிளாஸ்டிக் கூடு வார்க்கிற இரும்பு அச்சு ஒன்றைச் செய்ய ஆயிரக்கணக்கான டொலர் போகும். சின்ன இறக்குமதிக்காரரால் அது முடியாது. அதனால் சீனாவில் ஷென்சென் பக்கத்துத் தொழிற்சாலைகளில் "பொது அச்சு" என்று ஒரு முறை இருக்கிறது. கூடு எல்லோருக்கும் ஒன்று. யார் ஓடர் கொடுத்தாலும் அவர் பெயரை அதில் அச்சடித்துக் கொடுப்பார்கள். படத்தையும் தொழிற்சாலையே தரும். அது பெரும்பாலும் கெமராவில் எடுத்த படம்கூட இல்லை, கம்பியூட்டரில் வரைந்தது. லோகோ போடுகிற இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

கூட்டுக்குள்ளே என்ன போடுவது என்பது ஓடர் கொடுப்பவர் சொல்லும் விலையைப் பொறுத்தது. புது செல்லா, தரத்தில் கழித்த செல்லா, பழைய பெட்டரியிலிருந்து கழற்றி எடுத்த செல்லா? எத்தனை செல்? ஒரே தொழிற்சாலை, ஒரே மேசையில் இருந்து எல்லா வகையும் போகும். ஆகவே "படம் ஒன்றுதானே, மலிவானதை வாங்குவோம்" என்பதும் பிழை, "படம் ஒன்றாக இருந்தால் எல்லாம் போலி" என்பதும் பிழை. படம் கூட்டைக் காட்டுகிறது. நாம் காசு கொடுப்பது உள்ளே இருக்கும் செல்லுக்கு.

செல்லை உடைத்துப் பார்க்கத் தேவையில்லை. நிறுத்துப் பார்த்தால் போதும். லித்தியம் செல்லின் வோல்டேஜ் 3.7. 20000 எம்ஏஎச் என்றால் 20 அம்பியர் மணி. 20 ஐ 3.7 ஆல் பெருக்கினால் 74 வொட் மணி. இன்றைய நல்ல செல் ஒரு கிலோவுக்கு 250 வொட் மணி அளவு தாங்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 74க்கு ஏறத்தாழ 300 கிராம் செல் மட்டும் வேண்டும். கூடும் சர்க்கிட்டும் அதற்கு மேல்.

இரண்டையும் ஆய்வுகூடத்துத் தராசில் வைத்தோம். 6,800 ரூபா சாமான் 352 கிராம். 2,950 ரூபா சாமான் 212 கிராம். கூடு போக அதற்குள் 130 கிராம் அளவுதான் செல் இருக்க முடியும். அது 8000 எம்ஏஎச்சைத் தாண்டினாலே பெரிய காரியம்.

நிறையை மட்டும் நம்பவும் முடியாது. சிலர் உள்ளே மணலோ இரும்புத் துண்டோ வைத்துக் கனமாக்குவதுண்டு. அதனால் 5000 எம்ஏஎச் போன் ஒன்றை இரண்டிலும் சார்ஜ் போட்டுப் பார்த்தோம். உண்மையான 20000 அதை இரண்டரை, மூன்று தடவை நிரப்பும். நான்கு தடவை நிரப்பாது, ஏனென்றால் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும்போதும் போனுக்குள் ஏறும்போதும் கொஞ்சம் சூடாகிப் போய்விடும். கனமானது இரண்டரைத் தடவைக்கு மேல் தந்தது. மற்றது ஒரு தடவை நிரப்பிவிட்டு, அடுத்ததில் 10 வீதம் ஏற முன்னமே நின்றுவிட்டது. கணக்குப் பார்த்தால் 2,950 கொடுத்தவருக்குத்தான் ஒரு சார்ஜின் விலை கூட.

வாங்க முன் பார்க்க வேண்டிய இடம் பின்பக்கத்து நுண்ணிய எழுத்து. நேர்மையாகச் செய்பவர் 20000க்குக் கீழே 74 வொட் மணி என்றும், 5 வோல்ட்டில் "ரேட்டட் கப்பாசிட்டி" 12000 அளவு என்றும் போட்டிருப்பார். அந்த 12000ஐப் பார்த்துப் பலர் பயந்து வேறு சாமானுக்குப் போகிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவதே அந்த இலக்கம்தான். அங்கேயும் 20000 என்று போட்டிருந்தால், அல்லது ஒன்றுமே இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். பிளேனில் போகிறவர்களுக்கும் இது முக்கியம். 100 வொட் மணி வரை கைப்பையில் விடுவார்கள், அந்த இலக்கம் இல்லாவிட்டால் விமான நிலையத்தில் எடுத்துவிடவும் கூடும்.

நம்ம ஊர் விற்பனையாளர்கள் எல்லோரையும் குற்றம் சொல்லவில்லை. கொழும்பில் பெட்டியாக எடுத்து விற்கிற தம்பிமாருக்கும் உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் ஒரு தராசு அவர்களாலும் வாங்க முடியும். அதே படம் போட்டிருந்த மூன்று பேருக்கு, "தராசில் வைத்து ஒரு போட்டோவும், பின்பக்கத்துப் போட்டோவும் அனுப்புங்கள்" என்று மெசேஜ் போட்டேன். ஒருவர் ஐந்து நிமிடத்தில் அனுப்பினார், 338 கிராம். ஒருவர் "படத்தில இருக்கிறதுதான் சேர் வரும்" என்றார். மூன்றாமவர் என்னை புளொக் பண்ணிவிட்டார்.