ட்ரெபிளை ஏற்றாதீர்கள், மண்டியை இறக்குங்கள்

கைபேசியில் எடுத்த ஒரு குரல் பதிவு மந்தமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், சுற்றியுள்ள நாலு பேர் ஒரே மருந்தைச் சொல்கிறார்கள்: "ட்ரெபிளை ஏத்துங்க, தெளிவாயிடும்." எங்கள் ஓய்வூதியர் வட்டத்தில் இது வேதவாக்கு. என் கணக்கில் இது பாதி உண்மை. அந்தப் பாதியும் தவறான நேரத்தில் சொல்லப்படுகிறது. மந்தமான பதிவுகளில் பெரும்பாலானவற்றில் மேல் ஒலி குறைந்திருப்பதைவிடக் கீழ் ஒலி மண்டியிருப்பதுதான் கோளாறு. மேலே ஏற்றுவதற்கு முன் கீழே குறைக்க வேண்டும்.

முப்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்பதால் எனக்கு இது இப்படித்தான் விளங்குகிறது. கேட்ட கடிதம் கட்டுக்கு அடியில் கிடக்கிறது. மேலே கிடக்கும் காகிதங்களை எடுத்து வைத்தால் கடிதம் கைக்கு வரும். அதை விட்டுவிட்டு, அடியில் கிடக்கும் கடிதத்தில் சிவப்பு மையால் எழுதிக்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்?

காரணம் காதிலேயே இருக்கிறது. நாம் பேசும்போது அ, ஆ, உ, ஓ போன்ற உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. சொல்லைச் சொல்லாக்கும் மெய்யொலிகளின் அடையாளங்களில் பெரும்பகுதி 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை கிடக்கிறது, அவை மெல்லியவை. கீழ் ஒலி பலமாக இருந்தால் அது தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளைக் காதுக்குள்ளேயே மறைத்துவிடும். மேல் ஒலி கீழ் ஒலியை அவ்வளவாக மறைப்பதில்லை. ஆகவே 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கொஞ்சம் குறைத்தால், 3000 ஹெர்ட்ஸைத் தொடாமலே அது தெளிவாகிறது.

பேசுகிற விஷயம் அந்தரத்தில் நிற்க வேண்டாம், ஒரு பதிவையே எடுத்துக்கொள்வோம். தொண்ணூறைத் தாண்டிய என் பெரியம்மா, இளமையில் சைகோனில் குடியிருந்ததைப் பற்றிச் சொன்ன நாற்பது நிமிடப் பேச்சு. கைபேசி, மேசை விரிப்பின் மேல், அவரிடமிருந்து ஒரு கை நீளத்துக்கும் அப்பால் கிடந்தது. அறை சிறியது, சுவர்கள் வெறுமையானவை, மேலே மின்விசிறி. குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஓரிடத்தில் அவர் சோலோன் கடைத்தெருவில் என்னவோ வாங்கியதாகச் சொல்கிறார். அது பட்டா, தட்டா என்று விளங்கவில்லை. வீட்டில் இன்றும் இருக்கும் ஒரு சேலையின் வரலாறு அந்த ஓரெழுத்தில் தொங்குகிறது.

உறவினர் ஒருவர் ட்ரெபிளை நன்றாக ஏற்றி, பிரான்சில் உள்ளவர்களுக்கு அனுப்பிவைத்தார். "தெளிவா இருக்கு" என்று எல்லோரும் பதில் போட்டார்கள். பிறகு விசாரித்தால், நாலைந்து நிமிடத்துக்கு மேல் கேட்டவர் ஒருவருமில்லை. ஆச்சரியமில்லை. ட்ரெபிள் என்பது 2000க்கு மேலே உள்ள அத்தனையையும் சேர்த்துத் தூக்கும். நமக்கு வேண்டிய மெய்யொலியோடு, 5000 முதல் 8000 வரை உள்ள ச, ஸ ஒலிகளின் சீறலும், மின்விசிறிக் காற்றின் இரைச்சலும், கைபேசியின் சொந்த இரைச்சலும் ஏறும். முதல் நிமிடம் பளிச்சென்று இருக்கும். ஐந்தாம் நிமிடம் காது வலிக்கும். பட்டா தட்டா என்பதோ அப்படியே இருந்தது.

நான் செய்த வழி இது. Audacity என்ற இலவச மென்பொருளில், முதலில் மூலக் கோப்பைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு நகலில் வேலை. `Effect` பட்டியலில் `EQ and Filters` என்பதற்குள் `High-Pass Filter` இருக்கிறது. அதில் 100 ஹெர்ட்ஸ், `Roll-off` 12 டெசிபல். மேசை அதிர்வும் விசிறியின் அடி உறுமலும் இதிலேயே இறங்கிவிடும். பெண் குரலின் அடிச்சுருதி இதற்கு வெகு மேலே இருப்பதால் குரலுக்குச் சேதமில்லை. ஆண் குரலானால் 70 போதும்.

அடுத்தது மண்டி எங்கே என்று தேடுவது. அதே பட்டியலில் உள்ள `Filter Curve EQ` திரையில் ஒரு கோடு வரும். கோட்டில் சொடுக்கினால் புள்ளி விழும், அதை ஏற்றலாம், இறக்கலாம். 200 ஹெர்ட்ஸில் ஒரு சிறு மேட்டை, 8 டெசிபல் உயரத்துக்கு, வேண்டுமென்றே எழுப்பி `Preview` அழுத்திக் கேளுங்கள். பிறகு மேட்டை 250, 300, 400, 500 என்று நகர்த்திக் கேளுங்கள். எந்த இடத்தில் குடத்துக்குள் பேசுவது மிக மோசமாகிறதோ, அதுதான் மண்டி. பெரியம்மாவின் பதிவில் அது 280 பக்கம் இருந்தது. இப்போது மேட்டைப் பள்ளமாக்க வேண்டும்: 150இல் 0, 280இல் −4, 500இல் 0. இவ்வளவுதான். பள்ளம் கோணலாக இல்லாமல் சரிவாக இருக்கட்டும்.

நாலு டெசிபல் போதுமா என்று கேட்பார்கள். போதும். 8, 10 என்று தோண்டினால் குரலின் உடம்பே போய்விடும். பெரியம்மா தகரக் குழாய்க்குள்ளிருந்து பேசுவார். குரல் மெலிந்து, ஆள் யாரென்ற அடையாளம் மங்கினால் அளவு மீறிவிட்டது என்று பொருள், பாதியாகக் குறையுங்கள்.

இந்தப் பள்ளத்துக்குப் பிறகே மேலே கைவைக்கும் உரிமை உண்டு. 1500இல் 0, 3000இல் +2, 5000இல் 0 என்று ஓர் அகலமான சிறு மேடு. 5000க்கு மேல் ஒன்றும் தொடவில்லை. சீறல் வசிக்கும் இடம் அது. 3000 பக்கம் நம் காதே இயல்பாகக் கூர்மையானது என்பதால் இரண்டு டெசிபலே அங்கே தாராளம், ஆறு ஏற்றினால் ஊசி. பெரியம்மாவின் சொல் இப்போது இரு உதடும் ஒட்டிப் பிரியும் 'ப' என்று கேட்டது. பட்டுதான் வாங்கியிருக்கிறார்.

எதிர்த்தரப்புக்கு நியாயமான ஒரு வாதம் உண்டு. கைபேசி சட்டைப் பையிலோ கைக்குட்டைக்கு அடியிலோ இருந்தால் மேல் ஒலி உண்மையிலேயே தொலைந்திருக்குமே என்பார்கள். சரி. அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. மூலப் பதிவில் ச, ஸ வரும் சொற்களை மட்டும் கவனியுங்கள். சீறல் சுத்தமாகக் கேட்டால் மேல் ஒலி பத்திரமாக இருக்கிறது, கோளாறு மண்டிதான். 'ஸ' மழுங்கித் துணி உரசுவது போல இருந்தால் மேலே சற்று ஏற்றத்தான் வேண்டும். அப்போதும் மண்டியை இறக்கிவிட்டு ஏற்றினால், முன்பு கேட்ட ஏற்றத்தில் பாதி போதுமானதாக இருக்கும்.

ஆனால் பதிவு பழைய தொலைபேசி உரையாடலாக இருந்தால் ஏற்றுவது முழு வீண். சாதாரணத் தொலைபேசி வழி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதற்கு மேலே குரலே இல்லை, இரைச்சல்தான் இருக்கும். `Analyze` பட்டியலில் `Plot Spectrum` போட்டால், 3400 தாண்டியதும் மலை செங்குத்தாகச் சரிவது கண்ணுக்கே தெரியும். இல்லாததை எந்தத் திருகாலும் ஏற்ற முடியாது. அதே போல அறையின் எதிரொலியையும் இந்த வழியில் நீக்க முடியாது; மண்டியைக் குறைத்தால் அது சற்று அடங்கும், அவ்வளவே.

ட்ரெபிள் கட்சி ஏன் எப்போதும் வெல்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஏற்றிய நகல் சத்தமாக இருக்கும். சத்தமானது நல்லது என்று காது ஏமாறும். குறைத்த நகல் சற்றுச் சன்னமாகி, பந்தயத்தில் தோற்கும். நியாயமாகப் பார்க்க வேண்டுமானால் மூன்று நகலையும், அதாவது மூலம், ஏற்றியது, இறக்கியது ஆகியவற்றை, `Loudness Normalization` வழியாக −23 என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு பத்து நிமிடம் தொடர்ந்து கேளுங்கள். பத்து நொடிப் பந்தயம் பந்தயமல்ல.

கடைசியாக ஒன்று, என் வயதுக்காரர்களுக்கு. நான் படித்த பிரெஞ்சில் மங்கலான ஒலிக்கும் செவிடுக்கும் 'சூர்' என்று ஒரே சொல். தமிழிலும் பதிவு மந்தம் என்கிறோம், காது மந்தம் என்றும் சொல்கிறோம். எழுபது வயதில் காது முதலில் இழப்பது உயர்ந்த ஒலிகளை. ஆகவே நமக்குத் தெளிவாகும்வரை ட்ரெபிளை ஏற்றினால், நாம் சரிசெய்வது பதிவை அல்ல, நம் காதை. அந்தப் பதிவைக் கேட்கப்போவது இருபது வயதுப் பேரன், அவன் காதில் அது ஆணி. 3000க்கு மேலே என்ன செய்தாலும் அனுப்புவதற்கு முன் வீட்டில் இளையவர் ஒருவரிடம் ஹெட்போனைக் கொடுத்து, ச வரும் இடங்களில் முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். சுளித்தால் இறக்குங்கள். 280இல் வெட்டிய பள்ளத்துக்கு இந்த அனுமதி தேவையில்லை. அந்த உயரத்தில் நம் காது அவ்வளவு மோசமில்லை.